ஒருநபர் கம்பெனியும் புரொப்ரைட்டர்ஷிப்பும்: தையல் மெஷின் யாருடையது?

சிறு தொழில் செய்பவர்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது என் வேலை. புதிதாகக் கம்பெனி பதிவு செய்துகொண்டு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, “அந்த மெஷின் யாருடையது?” என்பதுதான். “என்னுடையதுதான், வேறு யாருடையது?” என்று உடனே பதில் வரும். புரொப்ரைட்டர்ஷிப்பில் அந்தப் பதில் சரி. ஒருநபர் கம்பெனியில் அது தவறு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. வரி, கடன், வாரிசு, கையெழுத்து எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. அதனால் பதிவுக் கட்டணம், படிவ எண் இவற்றுக்கெல்லாம் முன்னால் உரிமை யாருக்கு என்பதைத் தெளிவாகப் பிடித்துக்கொள்வோம்.

உதாரணத்துக்கு ஒரு தையல் யூனிட்டை எடுத்துக்கொள்கிறேன். சொந்த ஷெட், பவர் டேபிள், ஓவர்லாக், ஃபிளாட்லாக் என்று பன்னிரண்டு மெஷின்கள். துணி வாங்கி, பனியன் தைத்து விற்கிறார். மெஷின்களின் மதிப்பு 8 லட்சம் ரூபாய். இத்தனை நாள் புரொப்ரைட்டராக இருந்தவர் இப்போது ஒருநபர் கம்பெனிக்கு மாற நினைக்கிறார். அவரை இனி ‘யூனிட்காரர்’ என்றே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எது யார் பெயரில்?

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, தொழிலில் இருக்கும் ஒவ்வொன்றையும் வரிசையாக எழுதுங்கள். ஷெட், மெஷின், துணி ஸ்டாக், வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி பதிவு, மின் இணைப்பு, இன்சூரன்ஸ், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது யார் பெயரில் இருக்கிறது என்று குறியுங்கள்.

புரொப்ரைட்டர்ஷிப் என்றால் அந்த வரிசை முழுக்க ஒரே பெயர்தான் வரும். போர்டில் கடையின் பெயர் இருக்கும், பில்லில் கடையின் பெயர் இருக்கும், நடப்புக் கணக்கும் கடையின் பெயரில் இருக்கும். ஆனால் அந்தப் பெயருக்குச் சட்டத்தின் முன் தனி உயிர் கிடையாது. அது யூனிட்காரருக்கு இன்னொரு பெயர், அவ்வளவுதான். பான் எண் அவருடையது. ஜிஎஸ்டி பதிவு அவருடைய பான் எண்ணில்தான் நிற்கிறது. லாபம் அவருடைய வருமானம், கடன் அவருடைய கடன். உத்யம் பதிவோ, கடைப் பதிவோ வாங்கியிருந்தாலும் இது மாறாது. அந்தச் சான்றிதழ்கள் தொழில் நடக்கிறது என்பதற்கு ஆதாரம். அவை புதிதாக ஒரு நபரை உண்டாக்குவதில்லை.

ஒருநபர் கம்பெனி பதிவானதும் புதிதாக ஒரு நபர் உண்டாகிறார். சட்டம் அப்படித்தான் பார்க்கிறது. அந்த நபருக்குத் தனி பான் எண், தனி வங்கிக் கணக்கு, தனிச் சொத்து, தனிக் கடன். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 2(62) பிரிவு, ஒரே ஒருவரை உறுப்பினராகக் கொண்ட கம்பெனிதான் ஒருநபர் கம்பெனி என்று சொல்கிறது. சட்டப்படி அது பிரைவேட் கம்பெனி வகையைச் சேர்ந்தது. அதனால்தான் பெயருக்குப் பின்னால் (ஓபிசி) பிரைவேட் லிமிடெட் என்று வருகிறது.

அப்படியானால் யூனிட்காரருக்கு என்ன சொந்தம்? பங்குகள் சொந்தம். நூறு சதவீதப் பங்கும் அவருடையது. கம்பெனி அவருடையது. மெஷின் கம்பெனியுடையது. இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் எல்லாச் சிக்கலும் வருகிறது, எல்லாப் பாதுகாப்பும் வருகிறது.

நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்திருக்கிறது

இது வெறும் ஏட்டுக் கருத்து என்று நினைத்துவிடக் கூடாது. 1896இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, சாலமன் என்ற காலணி உற்பத்தியாளரின் வழக்கில், கிட்டத்தட்ட எல்லாப் பங்கும் ஒருவரிடமே இருந்தாலும் கம்பெனி வேறு, அவர் வேறு என்று தீர்ப்புச் சொன்னது. நம் உச்ச நீதிமன்றமும் 1954இல் பச்சா குஸ்தார் வழக்கில், பங்குதாரருக்குக் கம்பெனியின் சொத்தில் நேரடி உரிமை இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. தேயிலைக் கம்பெனிகளில் பங்கு வைத்திருந்தவர், தனக்கு வந்த டிவிடெண்டை விவசாய வருமானமாகக் கருத வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. தோட்டம் கம்பெனியுடையது, உங்களுக்கு வருவது பங்குக்கான வருமானம் என்பதுதான் பதிலாகக் கிடைத்தது.

யூனிட்காரருக்கு நான் சொல்வது மூன்றாவதாக ஒரு வழக்கு. 1925இல் தீர்ப்பான மக்காரா வழக்கு. அயர்லாந்தில் தன் எஸ்டேட் மரங்களை ஒருவர் ஒரு கம்பெனிக்கு விற்றார். கம்பெனியின் பங்குகள் எல்லாம் அவர் கையில். மரத்துக்குத் தீ இன்சூரன்ஸ் எடுத்தபோது மட்டும் தன் சொந்தப் பெயரில் எடுத்தார். மரம் எரிந்தது. இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுத்தது. மரம் கம்பெனியுடையது, அதில் உங்களுக்கு இன்சூரன்ஸ் எடுக்கும் அளவுக்கு உரிமை இல்லை என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு காசு கிடைக்கவில்லை.

இப்போது நம் தாளைப் பாருங்கள். யூனிட்காரர் கம்பெனி தொடங்கி, மெஷின்களைக் கம்பெனிக்கு மாற்றிவிட்டு, பழைய தீ இன்சூரன்ஸை அதே பெயரில் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அவருக்கும் அதே நிலைதான். பிரீமியம் தவறாமல் கட்டியிருப்பார். தீப்பிடித்த பிறகு, பாலிசியில் இருக்கும் பெயரும் மெஷின் பில்லில் இருக்கும் பெயரும் வேறு என்பது சர்வேயர் கண்ணில் படும். மாறும்போது முதலில் திருத்த வேண்டிய காகிதங்களில் இது ஒன்று.

கல்லாவிலிருந்து பணம் எடுப்பது

புரொப்ரைட்டராக இருந்தபோது யூனிட்காரர் வீட்டுக்கு மளிகை வாங்கக் கல்லாவில் கைவிட்டு எடுப்பார். கணக்கில் ‘டிராயிங்ஸ்’ என்று ஒரு வரி எழுதுவோம், முடிந்தது. அவருடைய பணம், அவரே எடுத்தார். வரி லாபத்தின் மீதுதான், எடுத்த பணத்தின் மீது இல்லை.

கம்பெனியில் அதே கை அதே கல்லாவுக்குள் போனால், அது இன்னொருவருடைய பணத்தை எடுப்பது. எந்தப் பெயரில் எடுத்தீர்கள் என்று கணக்கு கேட்கும். கம்பெனியிலிருந்து உரிமையாளருக்குப் பணம் வர முறையான வழிகள் சில உண்டு. இயக்குநராக வேலை செய்வதற்குச் சம்பளம் வாங்கலாம். ஷெட் அவருடைய சொந்தப் பெயரிலேயே இருந்தால், கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு வாடகை வாங்கலாம். கம்பெனிக்குக் கைப்பணம் கடனாகக் கொடுத்திருந்தால் வட்டி வாங்கலாம், அசலைத் திரும்ப எடுக்கலாம். லாபத்தில் கம்பெனி வரி கட்டியபின் மீதியை டிவிடெண்டாக எடுக்கலாம். அந்த டிவிடெண்டுக்கு அவர் தன் வருமானத்தில் மறுபடி வரி கட்ட வேண்டும்.

இவற்றில் எதிலும் சேராமல், ‘அவசரத்துக்கு எடுத்தேன், அப்புறம் போட்டுவிடுகிறேன்’ என்று எடுத்தால் அது கம்பெனி பங்குதாரருக்குக் கொடுத்த கடனாகிவிடும். பத்து சதவீதத்துக்குக் குறையாத வாக்குரிமை உள்ள பங்குதாரருக்கு இப்படிக் கடன் கொடுத்தால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகவே பாவித்து வருமான வரிச் சட்டம் வரி போடுகிறது. நம்மவரிடம் நூறு சதவீதம் இருக்கிறது. மகள் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கம்பெனிக் கணக்கிலிருந்து எடுத்த 3 லட்சத்தை ஆறு மாதத்தில் திருப்பிப் போட்டாலும், எடுத்த அன்றே அது டிவிடெண்டாகக் கருதப்பட்டுவிடும். புதிதாக மாறுகிறவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது.

வரியை எண்ணிலேயே பார்த்துவிடுவோம். யூனிட்டில் வருடம் 9 லட்சம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். புரொப்ரைட்டராக இருந்தால் 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு. வேறு வருமானம் இல்லையென்றால் வரி எதுவும் வராது. கம்பெனிக்கு அந்த அடுக்குகளும் தள்ளுபடியும் கிடையாது. முதல் ரூபாயிலிருந்தே வரி. சலுகைகளை விட்டுக்கொடுத்து 22 சதவீத விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்ந்து 25.168 சதவீதம் ஆகிறது. 9 லட்சத்துக்கு 2,26,512 ரூபாய்.

ஆனால் கம்பெனி அவருக்கு இயக்குநர் சம்பளம் கொடுக்க முடியும், அது கம்பெனிக்குச் செலவு. வருடம் 7 லட்சம் சம்பளம் எடுத்துக்கொண்டால் கம்பெனியில் 2 லட்சம்தான் லாபம். வரி சுமார் 50,000 ரூபாய். அவர் கையில் வரும் சம்பளத்துக்கு வரி இல்லை. புரொப்ரைட்டருக்கு இந்த வழி கிடையாது. தனக்குத் தானே சம்பளம் கொடுத்துச் செலவாகக் காட்ட முடியாது, ஏனென்றால் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். ஒன்று கவனியுங்கள்: சம்பளம் அவர் செய்யும் வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், மாதாமாதம் உண்மையிலேயே வங்கி வழியாகப் போக வேண்டும். மார்ச் 31 அன்று உட்கார்ந்து எழுதிய சம்பளத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

சிறிய லாபத்தில் வரி மிச்சமாகும் என்று நினைத்துக் கம்பெனிக்கு மாறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மாறுவதற்கான உண்மையான காரணம் அடுத்து வருவது.

கடன் முட்டும்போது யார் வீட்டைத் தட்டுவார்கள்?

ஒரு பெரிய வாங்குபவர் சரக்கை எடுத்துக்கொண்டு பணம் தரவில்லை. யூனிட்டின் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். துணிக் கடைக்கு 15 லட்சம், நூல், லேபிள், அட்டைப்பெட்டிக்கு 3 லட்சம், கூலி பாக்கி 2 லட்சம். மொத்தம் 20 லட்சம் கொடுக்க வேண்டும். மெஷினை விற்றால் 6 லட்சம், ஸ்டாக் 2 லட்சம், வங்கியில் 1 லட்சம். கையில் இருப்பது 9 லட்சம். 11 லட்சம் துண்டு விழுகிறது.

புரொப்ரைட்டராக இருந்தால் அந்த 11 லட்சமும் அவருடைய சொந்தக் கடன். துணிக்கடைக்காரர் வழக்குப் போட்டு, பணம் கட்டச் சொல்லும் நீதிமன்ற டிக்ரி வாங்கினால், அதை நிறைவேற்ற அவர் பெயரில் இருக்கும் வீட்டு மனையையும் வைப்புத் தொகையையும் ஜப்தி செய்யக் கேட்கலாம். தொழில் சொத்து, வீட்டுச் சொத்து என்ற கோடு சட்டத்தில் இல்லை.

ஒருநபர் கம்பெனியாக இருந்தால் கடன்காரர் கம்பெனியின் 9 லட்சத்தோடு நிற்க வேண்டும். பங்குக்கு முழுத் தொகையும் கட்டியிருந்தால் யூனிட்காரர் இழப்பது பங்கில் போட்ட பணத்தை மட்டும்தான். பங்குக்குக் கட்டாமல் பாக்கி இருந்தால் அந்தப் பாக்கி வரை கேட்பார்கள்.

இதைக் கேட்டதும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். வங்கி கம்பெனிக்குக் கடன் கொடுக்கும்போது இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்து வாங்காமல் விடுவது அரிது. ஒரே ஆள் நடத்தும் சிறிய கம்பெனி என்றால் கண்டிப்பாகக் கேட்கும். அந்தக் கையெழுத்தைப் போட்டுவிட்டால் வங்கியைப் பொறுத்தவரை கம்பெனி என்ற மதில் இல்லை, வீடு வரை வரலாம். கம்பெனிக் காசோலை திரும்பினால், கையெழுத்துப் போட்ட இயக்குநர் மீதும் குற்ற வழக்கு வரும். கம்பெனியிடம் வசூலிக்க முடியாத வருமான வரி, ஜிஎஸ்டி பாக்கிக்கு, தன் மீது தவறில்லை என்று நிரூபிக்க முடியாத பிரைவேட் கம்பெனி இயக்குநரைச் சட்டம் பிடிக்கும். ஏமாற்றும் நோக்கத்தோடு நடத்திய வியாபாரத்துக்கும் மதில் கிடையாது.

அப்படியானால் மதில் யாரிடமிருந்து காக்கிறது? துணிக்கடை, நூல் கடை, அட்டைப்பெட்டிக்காரர் போல உத்தரவாதம் வாங்காமல் கடனுக்குச் சரக்குக் கொடுப்பவர்களிடமிருந்தும், சரக்கில் குறை என்று நஷ்ட ஈடு கேட்டு வருபவர்களிடமிருந்தும். உங்கள் தொழிலில் கடன் பெரும்பாலும் இந்த வகையா, வங்கிக் கடனா என்று தாளில் பிரித்து எழுதிப் பாருங்கள். முழுக்க வங்கிக் கடனில் ஓடும் தொழிலுக்குக் கம்பெனி தரும் பாதுகாப்பு நினைப்பதைவிடக் குறைவு.

கையெழுத்தும் இங்கேதான் வருகிறது. ஆர்டர், ஒப்பந்தம், புரோநோட் எதிலும் கம்பெனியின் முழுப் பெயரை எழுதி, அதன் சார்பில் இயக்குநர் என்று போட்டுத்தான் கையெழுத்திட வேண்டும். முத்திரை இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் புரோநோட்டில் இருந்தால், சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டதாக எடுத்துக்கொள்ள இடம் உண்டு. பழைய ‘புரொப்ரைட்டர்’ முத்திரையை எடுத்து உடைத்துப் போட்டுவிடுங்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மேசையில் இரண்டு முத்திரையும் கிடந்தால் கை பழையதைத்தான் எடுக்கும்.

உரிமையாளர் இறந்தால்

புரொப்ரைட்டர் இறந்தால் தொழிலும் அன்றோடு நின்றுவிடுகிறது. சொத்து வாரிசுகளுக்குப் போகிறது. மகன் தொடர்ந்து நடத்தலாம், ஆனால் அவருடைய சொந்தப் பான் எண், புதிய ஜிஎஸ்டி பதிவு, புதிய வங்கிக் கணக்கு. பழைய கணக்கை வங்கி முடக்கும், வாரிசுச் சான்றிதழ் வரும்வரை கூலி கொடுக்கவே திண்டாட வேண்டியிருக்கும்.

ஒருநபர் கம்பெனி இறப்பதில்லை. பதிவின்போதே ஒரு நாமினியின் பெயரைக் கொடுக்க வேண்டும், அவருடைய எழுத்துபூர்வ சம்மதம் INC-3 படிவத்தில் வேண்டும். உறுப்பினர் இறந்தாலோ, ஒப்பந்தம் செய்யும் திறனை இழந்தாலோ நாமினி உறுப்பினராகிவிடுவார். பிறகு பதினைந்து நாளுக்குள் அவர் தனக்கொரு நாமினியை நியமிக்க வேண்டும். உறுப்பினர் உயிரோடு இருக்கும்வரை நாமினிக்குக் கம்பெனியில் எந்த உரிமையும் இல்லை, எந்தப் பொறுப்பும் இல்லை. “கையெழுத்துப் போட்டால் கடன் என் தலையில் வருமா?” என்று பயந்து சம்மதம் தர மறுக்கும் மனைவிமாரைப் பார்த்திருக்கிறேன். வராது. உறுப்பினர் விரும்பினால் நாமினியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நாமினியும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.

நாமினி ஆகிவிட்டதால் பங்கு கடைசிவரை அவருக்கே சொந்தமா? கம்பெனியின் பதிவேட்டில் அவர்தான் உறுப்பினர். ஆனால் கம்பெனிப் பங்குகளில் பொதுவாகச் செய்யும் நாமினேஷன் பற்றி 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாமினேஷன் வாரிசுரிமையை மீறாது என்று சொல்லியிருக்கிறது. தம்பியை நாமினியாகப் போட்டுவிட்டு உயில் எழுதாமல் போனால், மனைவியும் பிள்ளைகளும் பங்கைக் கேட்டு வழக்குக்குப் போக வழி திறந்தே இருக்கும். அதனால் யாருக்குப் பங்கு போக வேண்டும் என்று விரும்புகிறீர்களோ அவரையே நாமினியாகப் போடுங்கள், அதே பெயரில் உயிலும் எழுதிவையுங்கள்.

கணவன் ஒரு கம்பெனி, மனைவி ஒரு கம்பெனி, ஒருவருக்கொருவர் நாமினி என்று வைத்துக்கொள்வதும் உண்டு. ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு ஒருநபர் கம்பெனியில் மட்டும்தான் உறுப்பினராக இருக்க முடியும். கணவர் இறந்ததும் மனைவி இரண்டுக்கும் உறுப்பினராகிவிடுவார். 180 நாளுக்குள் ஒன்றைச் சரிசெய்தாக வேண்டும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இந்தக் கெடு எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்து, வயதுவந்த மகனையோ மகளையோ நாமினியாகப் போடுவது நல்லது. மைனர் நாமினியாக முடியாது.

மாறுவது எப்படி

இந்தியக் குடிமகனாக இருக்கும் தனிமனிதர்தான் ஒருநபர் கம்பெனி தொடங்க முடியும். வெளிநாட்டில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்கும் 2021 ஏப்ரல் முதல் வழி திறந்திருக்கிறது. அதே தேதியில், மூலதனம் 50 லட்சத்தையோ விற்றுமுதல் 2 கோடியையோ தாண்டினால் வேறு வகைக் கம்பெனியாகக் கட்டாயம் மாற வேண்டும் என்ற விதியும் போய்விட்டது. பழைய கட்டுரைகளில் அந்த வரம்பை இன்னும் பார்ப்பீர்கள், அதை நம்ப வேண்டாம். குறைந்தபட்ச மூலதனம் என்றும் எதுவும் கிடையாது.

டிஜிட்டல் கையெழுத்து வாங்கி, கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் SPICe+ படிவத்தின் முதல் பகுதியில் பெயரையும் இரண்டாம் பகுதியில் மற்ற விவரங்களையும் கொடுத்தால், பதிவோடு சேர்ந்து கம்பெனியின் பான் எண்ணும் வந்துவிடும். இதைப் பெரும்பாலும் ஆடிட்டரோ கம்பெனிச் செயலரோ செய்துகொடுப்பார்கள், அதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவுக்குப் பிறகுதான் கவனம் வேண்டும். பங்குப் பணத்தைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில் போட்டு, 180 நாளுக்குள் INC-20A படிவம் கொடுக்க வேண்டும். அது கொடுக்கும்வரை கம்பெனி வியாபாரம் தொடங்கவோ கடன் வாங்கவோ கூடாது. பதிவுச் சான்றிதழ் வந்த அன்றே புதுப் பெயரில் பில் போட ஆரம்பிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது தொழிலைக் கம்பெனிக்குக் கொடுப்பது. கம்பெனி பிறந்துவிட்டதால் மட்டும் மெஷின் அதனுடையதாகிவிடாது. யூனிட்காரர் ஒரு ஒப்பந்தம் எழுதி, குறிப்பிட்ட தேதியிலிருந்து தொழிலின் எல்லாச் சொத்தும் எல்லாக் கடனும் கம்பெனிக்குப் போகிறது என்று மாற்ற வேண்டும். அதற்கு ஈடாகப் பங்குகளை மட்டும் வாங்கிக்கொண்டு, பாதிக்குக் குறையாத வாக்குரிமையை ஐந்து வருடம் தன்னிடமே வைத்திருந்தால் இந்த மாற்றத்துக்கு மூலதன ஆதாய வரி வராது. பாதியைப் பங்காகவும் பாதியைப் பணமாகவும் வாங்கினால் அந்தச் சலுகை போய்விடும்.

இங்கே ஒரு விசித்திரமான காட்சி. ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் யூனிட்காரர், மறுபக்கம் கம்பெனியின் இயக்குநராக அதே யூனிட்காரர். இரண்டு கையெழுத்தும் அவருடையதே. சட்டம் இதை அனுமதிக்கிறது. ஆனால் அன்றாட வியாபாரத்தில் சேராத இப்படிப்பட்ட ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அல்லது அதன் விவரம் அடுத்த கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும் என்று 193ஆம் பிரிவு சொல்கிறது. கம்பெனிப் பதிவாளருக்கும் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஷெட் வாடகை ஒப்பந்தத்துக்கும் இதே கவனம் தேவை.

ஷெட்டை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்வேன். அதை மாற்றினால் முத்திரைத் தாள் செலவும் பதிவுச் செலவும் உண்டு. அதைவிட முக்கியம், கம்பெனியின் பெயருக்குப் போய்விட்டால் கம்பெனிக் கடனுக்கு அது ஈடாகிவிடும். ஆனால் தொழிலின் எல்லாச் சொத்தும் மாறினால்தான் வரிச் சலுகை என்பதால், பழைய கணக்கில் ஷெட் தொழில் சொத்தாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று ஆடிட்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு தாளை மறுபடி எடுங்கள். கம்பெனியின் பான் எண்ணில் புதிய ஜிஎஸ்டி பதிவு. பழைய பதிவில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை ITC-02 படிவத்தில் மாற்றுவது. மின் இணைப்பு, உரிமங்கள், இன்சூரன்ஸ், வாங்குபவர்களுக்குப் புது வங்கிக் கணக்கு எண். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாங்குபவர் மட்டும் பழைய கணக்கிலேயே பணம் போட்டுக்கொண்டிருந்தால், கம்பெனியின் விற்பனைப் பணம் உரிமையாளரின் சொந்தக் கணக்கில் சேர்கிறது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பழைய நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்டை மூன்று மாதம் தொடர்ந்து பார்ப்பது.

வருடாவருடம் வரும் வேலை

புரொப்ரைட்டருக்கு ஆடிட் குறிப்பிட்ட விற்றுமுதலைத் தாண்டினால்தான். கம்பெனிக்கு ஒரு ரூபாய் விற்பனை இல்லாவிட்டாலும் ஆடிட்டர் வேண்டும். நிதியாண்டு முடிந்து 180 நாளுக்குள் கணக்கை AOC-4 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும், ஆண்டறிக்கைக்கு MGT-7A. ஆண்டுப் பொதுக்குழு தேவையில்லை, ஒரே இயக்குநர் என்றால் போர்டு கூட்டமும் தேவையில்லை. முடிவை எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் குறிப்பேட்டில் வைத்தால் போதும். தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு நாளைக்கு 100 ரூபாய். இரண்டு படிவமும் 200 நாள் தாமதம் என்றால் 40,000 ரூபாய். தொழில் ஓடவில்லை என்று சும்மா விட்டுவைத்த கம்பெனிக்கும் இது ஏறிக்கொண்டே போகும்.

பங்காளி ஒருவரைச் சேர்த்துக்கொள்ளவோ, மைத்துனருக்குப் பத்து சதவீதப் பங்கு கொடுக்கவோ நினைத்தால் ஒருநபர் கம்பெனியில் முடியாது. இரண்டாவது உறுப்பினர் வந்தால் அது சாதாரண பிரைவேட் லிமிடெட்டாக மாற வேண்டும். ஆனால் நிர்வாகத்தை மட்டும் பிரித்துக்கொடுக்க முடியும். பங்கு முழுவதும் தாயிடம் இருக்க, மகனை இயக்குநராகப் போட்டு நடத்தச் சொல்லலாம், பதினைந்து இயக்குநர் வரை வைத்துக்கொள்ளலாம். மகன் செக்கில் கையெழுத்திடுவார், ஆர்டர் பிடிப்பார், ஆள் வைப்பார். பங்கு தாயிடம், மெஷின் கம்பெனியிடம், நடத்துவது மகன். புரொப்ரைட்டர்ஷிப்பில் இந்த மூன்றையும் பிரிக்கவே முடியாது. நம் யூனிட்காரருக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது, மகள் பி.காம். முடித்துவிட்டு யூனிட்டுக்கு வர ஆரம்பித்திருக்கிறார் என்று வையுங்கள். அவரை இரண்டாவது இயக்குநராகவும் நாமினியாகவும் போட்டு, பங்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். இரண்டு இயக்குநர் ஆனதும் அரையாண்டுக்கு ஒரு போர்டு கூட்டம் நடத்த வேண்டும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 90 நாள் இடைவெளி இருக்க வேண்டும்.